நடக்கும் கட்டிலைப் படமாக்கிய கதை

1908-ஆம் ஆண்டு ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று வந்த 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழின் வண்ணப் பக்கத்தில் ஒரு கட்டில் எழுந்து நடந்தது. நீமோ என்ற சிறுவன் அதில் படுத்திருக்கிறான். கட்டிலின் கால்கள் வளரத் தொடங்குகின்றன. வளர்ந்த கால்களோடு அது வீட்டைவிட்டு வெளியேறி, நகரத்துக் கூரைகளுக்கு மேலே எட்டு வைத்துப் போகிறது. கடைசியில் தேவாலயக் கோபுரத்தில் கால் தட்டித் தடுமாறுகிறது. மூலையில் இருக்கும் சின்னக் கட்டத்தில் நீமோ விழித்துக்கொள்கிறான். வின்சர் மெக்கே வரைந்த 'லிட்டில் நீமோ இன் ஸ்லம்பர்லேண்ட்' என்ற தொடரின் பக்கம் அது. 1905 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடரில் ஒவ்வொரு வாரமும் ஒரு கனவு வரும். வாரா வாரம் நீமோ கண் விழிப்பதோடு அது முடியும்.

இந்த ஒரு பக்கத்தைக் குரலோடு கூடிய வீடியோவாக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. என் பெரியம்மாவுக்காகச் செய்தேன். ஒரு காலத்தில் அம்புலிமாமாவை வரி விடாமல் படித்தவர். இப்போது கண்ணில் புரை. பெரிய டிவியில் படம் தெரிகிறது, எழுத்துதான் தெரிவதில்லை. இங்கிலீஷும் வராது. படத்தைக் கட்டம் கட்டமாகத் திரையில் காட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் கதை சொல்வதுபோலச் செய்தால் என்ன என்று தோன்றியது.

இதில் முன்னோடிகள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் மார்ட்டன் ஷிண்டெல் என்பவர் 1953-இல் வெஸ்டன் உட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, குழந்தைகளின் படப் புத்தகங்களை இப்படித்தான் திரைப்படமாக்கினார். புதிதாக எதையும் வரையவில்லை. புத்தகத்தின் ஓவியத்தையே கேமராவுக்குக் கீழே வைத்து, கேமராவை அதன்மீது மெல்ல நகர்த்தி, பின்னணியில் கதையைப் படிக்க வைத்தார். 1967-இல் ஜப்பானிய இயக்குநர் நகிசா ஒஷிமா இதை இன்னும் துணிச்சலாகச் செய்தார். சாம்பெய் ஷிராடோவின் நிஞ்சா மாங்கா ஒன்றின் ஓவியங்களை மட்டுமே படம் பிடித்து, நடிகர்களின் குரலைச் சேர்த்து, ஒரு முழுநீளப் படத்தையே எடுத்தார். அதில் ஒரு கோடுகூட அசையாது. கேமராவும் வெட்டும் ஒலியும்தான் சண்டையை நடத்துகின்றன. மெக்கே போன வழி வேறு. 1911-இல் அதே நீமோவை அசைய வைக்க அவர் ஏறத்தாழ 4,000 ஓவியங்களைக் கையால் வரைந்தார். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பக்கம். ஆகவே நாம் போகவேண்டியது ஷிண்டெலும் ஒஷிமாவும் போன வழி.

வேலை ஸ்கேனரில் தொடங்குகிறது. பெரும்பாலோர் தோற்பதும் அங்கேதான். நானும் முதலில் தோற்றேன். ஆவணங்களை ஸ்கேன் செய்யும் பழக்கத்தில் 300 டிபிஐயில் பக்கத்தை எடுத்துவிட்டேன். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி. முழுப் பக்கத்தையும் திரையில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு கட்டத்தை மட்டும் திரை நிறையக் காட்டியதும் நீமோவின் முகம் பனிமூட்டத்துக்குள் போனதுபோல் ஆகிவிட்டது.

காரணம் எளிய பெருக்கல். சாதாரண எச்டி வீடியோவின் அகலம் 1920 பிக்சல், உயரம் 1080 பிக்சல். மெக்கேயின் மூலப் பக்கம் செய்தித்தாள் அளவில் ஏறத்தாழ 16 அங்குலம் அகலமும் 21 அங்குலம் உயரமும் கொண்டது. என்னிடம் இருந்த மறுபதிப்பில் அது பாதியாகச் சுருங்கியிருந்தது. அதில் ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 2 அங்குலம். 300 டிபிஐயில் 2 அங்குலம் என்றால் 600 பிக்சல். அதை 1920-க்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் மூன்று மடங்குக்கு மேல் ஊதிப் போகும். 600 டிபிஐயில் எடுத்தாலும் 1200 பிக்சல்தான் கிடைக்கும், போதாது. 1200 டிபிஐயில் எடுத்தால் 2400 கிடைக்கும். அதைக் குறைத்து 1920 ஆக்கலாம். குறைப்பதில் கூர்மை கெடாது, பெருக்கினால் கெடும். எனவே ஸ்கேன் செய்யும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். படத்திலேயே மிக நெருக்கமாகக் காட்டப்போகும் இடம் எத்தனை அங்குலம் என்று பாருங்கள். 1920-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் உங்களுக்கு வேண்டிய குறைந்தபட்ச டிபிஐ.

அதிக டிபிஐயில் எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. வண்ண அச்சு என்பது உண்மையில் வண்ணமே இல்லை, நெருக்கமாக வைத்த புள்ளிகள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் நீமோவின் கன்னத்து ரோஸ் நிறம் சிவப்புப் புள்ளிகளாகப் பிரிந்து தெரியும். அந்தப் புள்ளி வரிசையும் ஸ்கேனரின் பிக்சல் வரிசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் மோதும்போது, ஒரே நிறமாக இருக்கவேண்டிய இடத்தில் பட்டுப்புடவையின் நெளிவு மாதிரி ஒரு அலை தோன்றும். மொய்ரே என்று இதற்குப் பெயர். நிற்கும் படத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். கேமரா நகரும்போது அந்த அலையும் சேர்ந்து ஊர்ந்து மினுக்கும். வானம் முழுக்கப் புழு நெளிவதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு அதன்பின் வேறு எதுவும் கண்ணில் படாது.

இதற்கு மருந்து, புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு உயர்ந்த டிபிஐயில் எடுத்துக்கொள்வது. பிறகு ஜிம்ப் போன்ற மென்பொருளில் மிக லேசாக மங்கலாக்கிப் புள்ளிகளை ஒன்றோடொன்று கலக்கவிட்டு, அதற்குப் பின்னர் அளவைக் குறைக்கவேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் குறைத்துவிட்டால் அலை படத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு போகவே போகாது. பல ஸ்கேனர்களின் மென்பொருளில் இதற்கென்றே `Descreen` என்ற ஒரு தேர்வு இருக்கிறது. அவசரத்துக்கு அதுவும் உதவும். ஆனால் அது மெல்லிய கறுப்புக் கோடுகளையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது. மெக்கேயின் உயிர் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. ஆகவே நான் கையால் செய்வதையே விரும்புகிறேன்.

ஸ்கேனரை விட்டு நகரும் முன் ஒரு சின்ன விஷயம். பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றை வையுங்கள். பின்பக்க அச்சு இந்தப் பக்கத்தில் நிழலாகத் தெரிவது அதனால் பெரும்பாலும் மறைந்துவிடும். தாளின் பழுப்பு நிறத்தை முழுக்க வெளுக்க வேண்டாம். சுத்த வெள்ளை டிவியில் கண்ணைக் கூசும், பெரியம்மா போன்றவர்களுக்கு இன்னும் அதிகமாக.

இனி முக்கியமான சிக்கல். பக்கம் நெட்டுக்குத்தானது, திரை படுக்கைவாட்டமானது. நீமோ பக்கத்தில் இது இன்னும் கடுமையாகிறது. கட்டிலின் கால்கள் நீள நீள மெக்கே கட்டங்களையும் உயரமாக்கிக்கொண்டே போகிறார். அந்தப் பக்கத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. என் பிரதியில் நடுவரிசைக் கட்டம் ஒன்று 2 அங்குலம் அகலமும் 4 அங்குலம் உயரமும் இருந்தது. அதை முழுதாகத் திரையில் காட்டினால் நடுவில் ஒல்லியாக ஒரு பட்டை நிற்கும், இருபுறமும் வெறுமை. அகலத்தைத் திரைக்குப் பொருத்தினால் உயரத்தில் கால்வாசிக்கும் சற்றுக் கூடுதலாகத்தான் ஒரு நேரத்தில் தெரியும்.

இரண்டாவது வழியைத்தான் எடுத்தேன். அதில் கேமரா செங்குத்தாக நகர்ந்தாக வேண்டும். கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா? மேலிருந்து தொடங்கினால் முதலில் கட்டிலையும் நீமோவையும் பார்ப்போம். பிறகு கால் வழியாக இறங்கி இறங்கி, அட, இவ்வளவு உயரமா என்று தரையைக் கண்டு திகைப்போம். கீழிருந்து போனால் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு மெல்லிய கால் தெரியும். அது என்னவென்று தெரியாது. ஏறி ஏறி உச்சியில் கட்டில் வரும். முதல் வழி பயத்தைத் தரும், இரண்டாவது வியப்பைத் தரும். ஒரே கட்டம், ஒரே ஓவியம், இரண்டு கதை. புத்தகத்தில் இந்தத் தேர்வு வாசகரின் கண்ணுக்கு உரியது. வீடியோ எடுக்கும்போது அதை நாம் பிடுங்கிக்கொள்கிறோம். அதனால்தான் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் உட்கார்ந்து யோசிக்கவேண்டியிருக்கிறது. நான் இந்தக் கட்டத்தைக் கீழிருந்து மேலே கொண்டுபோனேன். அடுத்ததில் மேலிருந்து இறங்கினேன்.

திசைக்கு அடுத்தது வேகம். 2400-க்கு 4800 பிக்சலாக இருந்த கட்டத்தை 1920-க்கு 3840 ஆகக் குறைத்தேன். ஜன்னல் மாதிரி நகரும் திரையின் உயரம் 1080. அப்படியானால் அது கடக்கவேண்டிய தூரம் 3840-இல் 1080 போக 2760 பிக்சல். வீடியோ விநாடிக்கு 25 ஃபிரேம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 8 பிக்சல் ஏறினால் 345 ஃபிரேமில், அதாவது 13.8 விநாடியில் உச்சியை அடையும்.

எட்டு என்று முழு எண்ணாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. முதல் முயற்சியில் 14 விநாடி, 20 விநாடி என்று தோன்றிய நேரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் ஃபிரேமுக்கு 2.4 பிக்சல் என்று கணக்கு வந்தது. கணினி அரைப் பிக்சல் நகர்த்தாத இடங்களில் அது ஒருமுறை 2, ஒருமுறை 3 என்று மாற்றி மாற்றி நகரும். கண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. படம் மாட்டுவண்டியில் போவதுபோல் துடிதுடிக்கும். எந்த மென்பொருளிலும் மெதுவான நகர்வில் துடிப்பு தெரிந்தால் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். வேகத்தை முழு எண்ணுக்கு மாற்றினால் பெரும்பாலும் நோய் போய்விடும்.

இந்த நகர்வை கேடிஎன்லைவ் என்ற இலவச எடிட்டிங் மென்பொருளில் `Transform` என்ற எஃபெக்டை வைத்துச் செய்யலாம். தொடக்க இடத்தில் ஒரு கீஃப்ரேம், முடிவில் ஒன்று. எனக்கு எண்கள் கையில் இருக்கவேண்டும் என்பதால் எஃப்எஃப்எம்பெக்கில் கட்டளையாகக் கொடுத்தேன். அந்தக் கட்டத்துக்கு எழுதியது இது:

```
ffmpeg -loop 1 -i kattam5.png -vf "crop=1920:1080:0:'max(0,min(2760,2760-8*(n-25)))',format=yuv420p" -t 16 kattam5.mp4
```

இதில் `n` என்பது ஃபிரேமின் எண். `n-25` என்று எழுதியதால் முதல் 25 ஃபிரேம், அதாவது ஒரு விநாடி, படம் தரையிலேயே அசையாமல் நிற்கும். பிறகு 8 பிக்சல் வீதம் ஏறும். உச்சியை அடைந்தபின் மிச்சமிருக்கும் ஒரு விநாடிக்கும் மேல் அங்கே நிற்கும். `max`, `min` இரண்டும் ஜன்னல் ஓவியத்துக்கு வெளியே போய்விடாமல் தடுக்கும் வரப்புகள். விரல் அளவு மாற்றத்தில் இதே வரி எல்லாக் கட்டத்துக்கும் வேலை செய்யும்.

முன்னும் பின்னும் நிற்கும் அந்த ஒரு விநாடியைப் பற்றிப் பெரியம்மாதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் வடிவத்தில் எல்லாக் கட்டமும் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருந்தது. நின்றால் வீடியோ இல்லை, போட்டோ ஆகிவிடுமே என்று எனக்குப் பயம். டிவியில் போட்டுக் காட்டினேன். பாதியிலேயே, "கொஞ்சம் நிறுத்துடா. அந்தக் கட்டில் காலைப் பாக்க விட மாட்டேங்கறியே" என்றார். நிறுத்தினேன். அரை நிமிடம் உற்றுப் பார்த்தார். "இப்பப் போடு" என்றார். அடுத்த கட்டத்தில் மறுபடியும், "நிறுத்து."

நகரும் படத்தில் கண் ஓவியத்தைப் பார்ப்பதில்லை, நகர்வைத் துரத்துகிறது. நின்றபின்தான் பார்க்கவே தொடங்குகிறது. அவர் நிறுத்தச் சொன்ன இடங்களைக் குறித்துக்கொண்டேன். எல்லாம் நான் வேகமாகக் கடந்த இடங்கள். இரண்டாவது வடிவத்தில் பாதிக்கு மேற்பட்ட கட்டங்களை அசையவே விடவில்லை. உயரமான கட்டங்களில் மட்டும், கட்டில் வளர்வதால், கேமரா ஏறியது. ஒரு நகர்வுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை என்றால் அதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மெல்ல நெருங்கிப் போகும் ஜூம் எனக்கு மிகப் பிடிக்கும், அதையும் ஒரே இடத்தில்தான் வைத்தேன்.

வேகம் அதிகமானால் இன்னொரு கேடும் உண்டு. காமிக்ஸ் ஓவியம் வெள்ளைமேல் கறுப்புக் கோடு. போட்டோவில் இருப்பதுபோல் மென்மையான விளிம்பு கிடையாது. வேகமாக நகரும்போது ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரியும், ஜன்னல் கம்பி வழியாக ஓடும் ரயிலைப் பார்ப்பதுபோல. போனில் பார்க்கும்போது இது தெரியாது, பெரிய டிவியில் அப்பட்டமாகத் தெரியும். அதனால் சோதிப்பதைக் கட்டாயம் பெரிய திரையில் செய்யுங்கள். ஒரு பொருள் திரையின் அகலத்தைக் கடக்க ஏழு விநாடியாவது ஆகவேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் ஒரு கைக்கணக்கு வைத்திருக்கிறார்கள். எச்டியில் அது விநாடிக்கு 270 பிக்சல் சொச்சம் வரும். என்னுடையது 200. கோட்டோவியத்துக்கு அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது. வேகத்தைக் குறைக்க முடியாத இடத்தில் வீடியோவையே 50 ஃபிரேமில் எடுத்து, ஃபிரேமுக்கு 4 பிக்சல் என்று வைத்தால் அதே வேகம் வழுக்கிக்கொண்டு போகும்.

குரலைக் கடைசியில் சேர்க்கலாம் என்று நினைத்ததும் தவறுதான். படத்தை முடித்துவிட்டு அதற்கேற்பப் படிக்க உட்கார்ந்தால், சில இடத்தில் மூச்சு வாங்கவும் சில இடத்தில் வெறுமனே காத்திருக்கவும் நேர்ந்தது. கதை சொல்லும் குரலுக்கு ஒரு நடை இருக்கிறது. அதைப் படத்தின் நீளத்துக்கு மடக்க முடியாது. எனவே இரண்டாம் முறை குரலை முதலில் பதிவு செய்து, அதன்மேல் படங்களை அடுக்கினேன். பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெத்தையும் துணிகளும் நிறைந்த அறை, அணைத்த மின்விசிறி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக், அடாசிட்டி மென்பொருள். பேச்சுக்கு நடுவே வரும் மௌனத்தை முழு நிசப்தமாக வெட்டிவிடாமல், அறையின் வெறும் ஒலியைக் கொஞ்சம் தனியாகப் பதிவு செய்து அங்கே போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும்.

எழுதுவதில்தான் சிரமம். என் முதல் பிரதி இப்படி இருந்தது: "நீமோ கட்டிலில் படுத்திருக்கிறான். கட்டிலின் கால்கள் நீளமாகின்றன. கட்டில் தெருவில் நடக்கிறது." எல்லாம் உண்மை. எல்லாம் படத்திலேயே தெரிகிறது. கண்ணுக்குத் தெரிவதையே காதுக்கும் சொன்னால் கேட்பவர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார், பெரும்பாலும் காதை. மாற்றி எழுதினேன்: "கால் வளர்வது நீமோவுக்கு முதலில் புரியவில்லை. கூரை ஏன் இவ்வளவு கிட்டே வருகிறது என்று நினைத்தான்." படம் எதைக் காட்ட முடியாதோ அதை மட்டும் குரல் சொல்லவேண்டும். உள்ளே ஓடும் நினைப்பு, காற்றின் குளிர், மரம் கிறீச்சிடும் ஓசை. ஆனால் என் பெரியம்மா மாதிரி பார்வை மங்கியவர்களுக்கு முழுவதும் இப்படி விட்டுவிட முடியாது. "தெருவுக்கு வந்துவிட்டார்கள்" என்பதுபோல ஒரு சிறு வரி அங்கங்கே வேண்டும். கண் தெளிவாக இருப்பவர்களுக்கு அது சற்று மிகையாகத் தோன்றலாம். யாருக்காகச் செய்கிறோம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டால் எந்தப் பக்கம் சாய்வது என்று குழப்பம் வராது.

நான் மேலே சொன்ன உயரமான கட்டத்துக்கான குரல் 11 விநாடி வந்தது. நகர்வோ 13.8 விநாடி. ஃபிரேமுக்கு 10 பிக்சல் என்று வைத்தால் இரண்டும் பொருந்திவிடும். அப்படிச் செய்து பார்த்தேன், கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. எட்டிலேயே விட்டுவிட்டேன். குரல் முன்னதாக முடிந்துவிடுகிறது. அதன்பின் கடைசித் தூரம் முழுக்கக் கேமரா மௌனமாக ஏறி, மௌனத்திலேயே கட்டிலைச் சென்றடைகிறது. வீடியோவில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பொருந்தாமல் போனதால் கிடைத்த இடம் அது.

பேச்சு பலூன்களை என்ன செய்வது என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. பலூனை அப்படியே காட்டி அதிலுள்ளதையே படித்தால், படிக்கத் தெரிந்தவரின் கண் குரலை முந்திக்கொண்டு ஓடும். குரல் நொண்டி வருவதுபோல் தோன்றும். பலூனை அழித்தால் அடியில் ஓவியம் இல்லை, நாமே வானத்தையோ சுவரையோ இட்டு நிரப்பவேண்டும். அது மெக்கேயின் கோட்டோடு நம் கோட்டைக் கலப்பது. எனக்கு மனம் வரவில்லை. மெக்கேயின் பலூன்கள் நெருக்கியடித்த எழுத்துகளோடு கட்டத்தின் மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவை. அதனால் முடிந்த இடங்களில் திரையின் விளிம்பைப் பலூனுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். முடியாத இடத்தில் பலூன் தெரியட்டும் என்று விட்டேன். பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆகவே இங்கே போட்டியே இல்லை. தமிழ் காமிக்ஸ் ஒன்றைத் தமிழிலேயே செய்பவருக்கு இந்தச் சிக்கல் முழு பலத்தோடு வரும். அவருக்கு நான் சொல்வது, பலூனில் உள்ளதைச் சொல் மாறாமல் பாத்திரத்தின் குரலில் பேசவிட்டு, பேச்சு முடியும்வரை படத்தை நகர்த்தாமல் வைத்திருக்கவேண்டும் என்பதே. நகரும் படத்தில் எழுத்து படிப்பது போன்ற கண்வலி வேறில்லை.

பக்கத்துக் கட்டத்தின் ஓரம் திரைக்குள் எட்டிப் பார்ப்பதும் கதையைக் கெடுக்கும். கோபுரத்தில் கால் தட்டப்போவது முந்தைய கட்டத்திலேயே ஓரமாகத் தெரிந்துவிட்டால் பிறகு என்ன இருக்கிறது? ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனிக் கோப்பாக வெட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். ஆனால் எல்லாம் முடிந்தபின் முழுப் பக்கத்தையும் ஒருமுறை அசையாமல் பத்து விநாடி காட்டினேன். கால்கள் வளர வளரக் கட்டங்களும் வளர்ந்து வருவதை அங்கேதான் பார்க்கமுடியும். அந்த வளர்ச்சியை மெக்கே பக்கம் முழுவதற்கும் சேர்த்து வரைந்தார். தனித்தனியாகக் காட்டும்போது அது காணாமல் போகிறது. இந்த வேலையின் பெரிய இழப்பு அது, பத்து விநாடியில் முழுதாக ஈடாகாது.

எல்லாம் சேர்ந்து வீடியோ நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரியம்மா முழுதாகப் பார்த்தார், ஒருமுறைகூட நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும், "இரும்புக்கை மாயாவி இருந்தா அதையும் இப்படிப் போடேன்" என்றார்.

அங்கேதான் நிற்கவேண்டியதாயிற்று. மெக்கே 1934-இல் இறந்தவர். இந்தியச் சட்டப்படி ஒரு படைப்புக்கான காப்புரிமை அதன் ஆசிரியர் இறந்தபின் 60 ஆண்டு நீடிக்கும். இருவர் சேர்ந்து செய்திருந்தால் இருவரில் கடைசியாக இறந்தவரிலிருந்து கணக்கு. நீமோ எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டான். அவனுடைய பக்கங்களின் ஸ்கேன்கள் விக்கிமீடியா காமன்ஸில் கிடைக்கின்றன. இரும்புக்கை மாயாவி அப்படி இல்லை. முத்து காமிக்ஸின் முதல் இதழாக 1972-இல் சிவகாசியிலிருந்து வந்த அந்தக் கதை ஒரு பிரிட்டிஷ் தொடரின் தமிழ் வடிவம். உரிமை வாங்கி வெளியிடுபவர்கள் இருக்கிறார்கள். புத்தகம் நம் அலமாரியில் இருப்பதால் அதை வீடியோவாக்கி ஊருக்கெல்லாம் காட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. பழைய தமிழ் காமிக்ஸ் பக்கங்களைப் பிரியத்தோடு குரல் சேர்த்துப் பொதுவில் ஏற்றுகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும். இங்கே காமிக்ஸ் பதிப்பு குறைந்த பிரதிகளில், வாசகரின் முன்பணத்தை நம்பி நடக்கும் தொழில். எந்தக் கதை, எத்தனை பக்கம், யாருக்குக் காட்டப்போகிறீர்கள், பணம் வருமா வராதா என்று தெளிவாக எழுதிப் பதிப்பாளரிடம் அனுமதி கேளுங்கள். பதில் வரும்வரை, 1908 ஜூலை 26-இன் பக்கம் உங்களுக்கும் எனக்கும் எல்லோருக்கும் சொந்தமானது. அதில் தொடங்குங்கள்.